மூடிமேல் ஒரு புள்ளி

ஞாயிற்றுக்கிழமை பகல் மூணே முக்கால் மணிக்கு அக்கா போன் பண்ணியது. "தம்பி, கடையை மூடிட்டானுங்கடா." போலீஸா, கார்ப்பரேஷன்காரனா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல. போன்லயே மூடிட்டானுங்க."

போய்ப் பார்த்தேன். வியாசர்பாடியில் ரெண்டு தெரு கூடுகிற முனையில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை. ஷட்டர் திறந்துதான் இருந்தது. ஒரு அண்டாவில் மாட்டுக்கறி பிரியாணி கால்வாசி கிடந்தது. இன்னொன்றில் கோழி பிரியாணி பாதி. மாமா வாசலில் நின்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு ஆர்டர் எடுக்கிற செயலியில், கடைப் பெயருக்கு எதிரே பச்சையாக இருக்கிற இடம் சாம்பல் நிறமாகிவிட்டது. கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. கடுமையான புகார் வந்திருப்பதால் உங்கள் கணக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது, 48 மணி நேரத்துக்குள் விளக்கம் எழுதவும் என்று.

மற்ற நாளில் இது பெரிய அடி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை. அன்றைக்குப் பதினைந்து கிலோ அரிசி போடுவார்கள். கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் அய்ம்பது பேர், செயலியில் முப்பத்தைந்து ஆர்டர். செயலியில் வருகிற நூறு ரூபாயில் 23 ரூபாய் கமிஷன், அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., எல்லாம் போக 73 ரூபாய் வாரம் ஒரு தடவை பேங்கில் விழும். அந்த வாரப் பணத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வீட்டு வாடகை அதிலிருந்துதான் போகிறது.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான் இருபது வருஷமாக எங்கள் தெருவுக்கு மனு எழுதுகிறவன். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் உதவித்தொகை, மின்சார இணைப்பு. தாசில்தார் ஆபீசிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் என் கையெழுத்து போயிருக்கிறது. பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம் என்று ஆரம்பித்து, தாங்கள் கருணை கூர்ந்து என்று முடிக்கிற அந்த மொழியை எழுதி எழுதி எனக்கே அருவருப்பு வந்துவிட்டது. இப்போது எழுத வேண்டியது ஒரு கம்பெனிக்கு. படிக்கப்போவது யார் என்றே தெரியாது. பெங்களூரிலோ குர்கானிலோ ஒரு நாளைக்கு நூறு விளக்கம் படிக்கிற யாரோ ஒரு பையன், ஒரு பெண்.

முதலில் புகாரைப் படித்தேன். ஒருவர் கோழி பிரியாணி ஒன்று ஆர்டர் செய்திருக்கிறார். வந்தது மாட்டுக்கறி. ரெண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் தெரிந்திருக்கிறது. எழுதியிருந்தது இது: கோழி பிரியாணியில் மாட்டுக்கறி கலந்து விற்கிறார்கள். தெரிந்தே செய்கிறார்கள். என் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆட்களை எல்லாம் எப்படிச் சேர்த்தீர்கள்? கூடவே மூன்று போட்டோ. கம்பெனி இதை எந்தத் தலைப்பில் போட்டிருந்தது என்றால், "Food adulteration". கலப்படம்.

இந்தத் தலைப்புதான் விஷயம். "Wrong item" என்று இன்னொரு தலைப்பு அதே செயலியில் இருக்கிறது. அதில் விழுந்தால் அந்த ஆர்டர் பணம் போகும், கடையின் மதிப்பெண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கலப்படம் என்றால் கணக்கே போகும். 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகக்கூடிய வார்த்தை அது. பொட்டலம் மாறுவது கவனக் குறைவு. கலப்படம் என்பது காசுக்காக ஏமாற்றுவது. வாங்கினவர் கோபத்தில் ரெண்டையும் ஒன்றாக எழுதிவிட்டார். கம்பெனியில் இருக்கிறவன் வித்தியாசம் பார்க்காமல் பெரிய தலைப்பை அழுத்திவிட்டான்.

மாமாவுக்கு ஒரு யோசனை தயாராக இருந்தது. "எடுத்துட்டுப் போன பையன் மாத்திக் குடுத்துட்டான்னு எழுது. நம்ம மேல தப்பே இல்லைன்னு எழுது. எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் எழுதுறான்." அப்படி எழுதினால் எடுபடவும் செய்யும். ஒரே நேரத்தில் ரெண்டு பையன்கள் நிற்பார்கள், ஒருத்தன் பையை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டு போவது நடக்கிறதுதான்.

ஆனால் அந்த மூன்று போட்டோவில் ஒன்று எங்களுக்கு எதிராக இருந்தது. பையை அப்படியே மேஜைமேல் வைத்து எடுத்த போட்டோ. பைமேல் பில் சீட்டு பின் அடித்திருக்கிறது. ஆர்டர் எண்ணின் கடைசி நாலு இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. அது புகார் கொடுத்தவருடைய எண்தான். பையன் மாற்றிக் கொடுத்திருந்தால் சீட்டில் வேறொருவர் எண் இருந்திருக்கும். சீட்டு சரியாக இருந்து உள்ளே இருக்கிற டப்பா தப்பாக இருந்தால், தவறு பையைக் கட்டின இடத்தில் நடந்திருக்கிறது. அதாவது கடையில். பையைக் கட்டினது அக்கா.

போட்டோவை மாமாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தச் சீட்டை எவன்டா பாக்கப் போறான்?" என்றார். யாரும் பார்க்காமல் போயிருக்கலாம். அந்தப் பையன் பக்கத்துக் கண்ணன் காலனிக்காரன், எங்கள் சனம். அவன் ஐ.டி.யை நிறுத்தினால் வண்டித் தவணை நின்றுபோகும். எங்கள் சனமாக இல்லாமல் போனாலும் நான் எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அந்த நேரத்தில் அவன் முகம் கண்ணில் வந்ததுதான் என் பேனாவை நிறுத்தியது. அதைத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஆர்டர் பட்டியலைப் பார்த்தோம். புகார் ஆர்டர் 1.12-க்கு வந்திருக்கிறது. 1.14-க்கு இன்னொரு ஆர்டர், அதுவும் ஒரு பிரியாணிதான், மாட்டுக்கறி. ரெண்டுக்கும் ஒரே அளவு வெள்ளிக் காகித டப்பா. ரெண்டு பையும் 1.31-க்கும் 1.33-க்கும் கை மாறியிருக்கின்றன. அப்படியானால் மாட்டுக்கறி கேட்டவருக்குக் கோழி போயிருக்க வேண்டும். அவர் புகார் எதுவும் செய்யவில்லையே என்று நான் சொன்னதும் அக்கா தலையில் கை வைத்தது. "அய்யோ, அந்தத் தம்பி கடை நம்பருக்குப் போன் பண்ணாரே. பெரிய கறி கேட்டேன், கோழி வந்திருக்கு, பரவாயில்லைக்கா, அடுத்த தடவை பாத்து அனுப்புங்கன்னாரு. கூட்டத்துல மறந்துட்டேன்." அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்ட அந்தப் போன்தான், தவறு எங்களுடையது என்பதற்கும் சாட்சி, கலப்படம் இல்லை என்பதற்கும் சாட்சி. ரெண்டு டப்பா இடம் மாறியிருக்கிறது. ஒரு டப்பாவுக்குள் எதுவும் கலக்கவில்லை.

எப்படி மாறியது என்று அக்காவைக் கேட்டேன். அது கொஞ்சம் தயங்கிவிட்டு டப்பா மூடியைக் காட்டியது. அடுக்கி வைத்த மூடிகளில் சிலதில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி. புள்ளி இருந்தால் மாட்டுக்கறி, இல்லாவிட்டால் கோழி. சூடான பிரியாணி போட்டு மூடினால் ஆவியில் மூடியின் அட்டை ஈரமாகும். ஈரத்தில் புள்ளி பரவும், விரல் பட்டால் அழியும். "ஏன்க்கா, முழுசா எழுதக் கூடாதா?" என்றேன்.

"எழுதுனா எடுத்துட்டுப் போக மாட்டேங்கிறானுங்கடா" என்றது.

ஆரம்பத்தில் முழுசாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன் மூடியைப் பார்த்துவிட்டு, நான் மாலை போட்டிருக்கேன் என்று பையைக் கீழே வைத்துவிட்டுப் போனான். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கடையின் சொந்தக்காரர், போர்டில் அந்தப் பெயர் வேண்டாம் என்று வாடகை ஒப்பந்தத்தின்போதே சொன்னார். போர்டில் 'பிரியாணி' மட்டும் இருக்கிறது. தெருவில் கேட்கிறவர்களுக்குப் 'பெரிய கறி'. பில்லில் 'பி.எஃப்.'. இப்படிப் பெயர் சுருங்கிச் சுருங்கி மூடிமேல் ஒரு புள்ளியாகிவிட்டது. எங்கள் அம்மா புளியந்தோப்பில் கூடையில் கறி வாங்கிவந்து சேரி நடுவில் உப்புக்கண்டம் காயப்போட்டபோது இப்படி ஒளிக்கவில்லை. கயிற்றில் தோரணமாகத் தொங்கும்.

எங்களோடு முடிகிற காரியம் இல்லை இது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா நடத்தப் போனது. ஆம்பூரில் மாட்டுக்கறி பிரியாணி தெருவுக்குத் தெரு விற்கிறது. திருவிழாவில் மட்டும் அதற்கு இடம் இல்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். மாநில எஸ்.சி., எஸ்.டி. ஆணையம் கலெக்டரிடம் விளக்கம் கேட்டது. ஒரு அரசாங்கமே பெயர் சொல்லத் தயங்குகிற இடத்தில் அக்கா பேனாவால் புள்ளி வைத்ததைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தப் புள்ளிதான் ஒருவர் சாப்பிட விரும்பாததை அவர் வாயில் கொண்டுபோய் வைத்தது. அதுவும் உண்மை.

ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதினது கோபம். எங்கள் சாப்பாடு உங்களுக்கு அசிங்கமா, 'இப்படிப்பட்ட ஆட்கள்' என்றால் எப்படிப்பட்ட ஆட்கள், என்று ஒரு பக்கம். படித்துக் காட்டினபோது மாமாவுக்குப் பிடித்திருந்தது. அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டது: "அந்த ஆளு கோழிதானே கேட்டாரு?" அதற்கு அந்த ஒரு பக்கத்தில் பதில் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் தோழருக்குப் போன் செய்தேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் போகலாமா என்று கேட்டேன். அவர் வாசகத்தைக் கேட்டுவிட்டு, "தோழர், சாதியைக் குறிச்சு ஒரு சொல் இல்ல. உங்களுக்கும் கம்பெனிக்கும் மட்டும் தெரிஞ்ச புகார், பொதுமக்கள் பார்வையில நடந்ததும் இல்ல. நிக்காது" என்றார். அந்த மனிதருக்கு எங்கள் சாதி தெரியுமா என்றும் கேட்டார். தெரியாது. யூகித்திருப்பார், எங்களுக்கு அது தெரியும், நிரூபிக்க முடியாது. கோபத்தை எழுதிய தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அது வேறு இடத்துக்கு உபயோகப்படும்.

பிறகு, எதை நிரூபிக்க முடியுமோ அதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். கலக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்? விலை முதல் ஆதாரம். அந்த வாரம் நாங்கள் வாங்கின விலையில் மாட்டுக்கறி கிலோ 340, தோல் உரித்த கோழி 240. விலை அதிகமானதை விலை குறைந்ததில் கலந்து எவனும் லாபம் பார்க்க மாட்டான். ரெண்டாவது அடுப்பு. மாட்டுக்கறி வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். கோழிக்கு அரை மணி போதும். ரெண்டையும் ஒரே அண்டாவில் போட்டால் ஒன்று கோழி கரைந்துபோகும், இல்லாவிட்டால் மாட்டுக்கறி ரப்பராக இருக்கும். அவருடைய போட்டோவிலேயே எல்லாத் துண்டும் மாட்டுக்கறிதான், கோழி எலும்பு ஒன்றுகூட இல்லை. கலந்திருந்தால் ரெண்டும் இருந்திருக்கும்.

"ஒரு பருக்கைகூட கலக்காதுன்னு எழுது" என்றார் மாமா. எழுதப் போனேன். அக்கா குறுக்கிட்டது. "அப்படி எழுதாதடா. பிரியாணி வாருற தட்டு ஒண்ணுதான் இருக்கு. கூட்டம் இல்லைன்னா கழுவிட்டுத்தான் அடுத்த அண்டாவுல போடுவேன். ஞாயித்துக்கிழமை எத்தினி தடவை கழுவாமப் போட்டேனோ." இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. கம்பெனிக்குத் தெரியாத ஒன்றை நாமே போய் எழுதணுமா? எழுதாமல் விடலாம். ஆனால் ஒரு பருக்கைகூட கலக்காது என்று எழுதினால் அது பொய். நாளைக்கு யாராவது கடைக்கு வந்து பார்த்தால் அந்த ஒரு பொய்யால் மற்ற எல்லா உண்மையும் போய்விடும். தட்டு விஷயத்தையும் சேர்த்து எழுதினோம்.

மன்னிப்பு கேட்கிற வரிதான் ரொம்ப நேரம் எடுத்தது. இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகவே குனிகிறது. மாட்டுக்கறி வந்ததற்கு வருந்துகிறோம் என்று எழுதிவிட்டு அடித்தேன். மாட்டுக்கறிக்காக நாங்கள் ஏன் வருந்த வேண்டும்? அது அந்தச் செயலியின் பட்டியலில் போட்டோவோடு இருக்கிறது, கம்பெனி அதற்கும் கமிஷன் வாங்குகிறது. வருந்த வேண்டியது கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதற்கு. தன் தட்டில் என்ன இருக்கலாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமைக்காகத்தானே நாங்களும் சண்டை போடுகிறோம்.

படிவம் ஆங்கிலம். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"இந்த ஆர்டரில் கோழி பிரியாணிக்குப் பதிலாக மாட்டுக்கறி பிரியாணி அனுப்பிவிட்டோம். தவறு எங்கள் கடையில், பொட்டலம் கட்டும்போது நடந்தது. எடுத்துச் சென்றவர் மேல் தவறு இல்லை; சீட்டும் பையும் சரியாக இருந்ததைப் போட்டோவில் காணலாம். 1.14-க்கு வந்த ஆர்டருக்குக் கோழி போய்விட்டது. அவரிடம் நீங்கள் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். கேட்காத உணவை அவருக்குக் கொடுத்ததற்கு அவரிடம் மன்னிப்பு கேட்கிறோம். முழுப் பணத்தையும் எங்கள் கணக்கிலிருந்து திருப்பிக் கொடுங்கள்.

நாங்கள் எதையும் கலக்கவில்லை. ரெண்டு பிரியாணியும் தனித்தனி அண்டாவில் வேகிறது. ரெண்டு அண்டா, கறி வாங்கிய கணக்கு ஆகியவற்றின் போட்டோ இணைத்துள்ளோம். பரிமாறும் தட்டு இதுவரை ஒன்றாக இருந்தது. இன்று முதல் ரெண்டு. மூடியில் குறி மட்டும் இட்டுவந்தோம், அதனால்தான் மாறியது. இனி உணவின் பெயரை முழுவதும் எழுதுவோம். இந்தப் புகாரைக் கலப்படம் என்ற தலைப்பிலிருந்து பொருள் மாறியது என்ற தலைப்புக்கு மாற்ற வேண்டும்.

புகாரில் எங்களை 'இப்படிப்பட்ட ஆட்கள்' என்று எழுதியிருக்கிறது. அந்த வரி உணவைப் பற்றியது அல்ல. அதை எங்கள் மேல் முடிவெடுக்கப் பயன்படுத்தக் கூடாது."

கடைசிப் பத்தி வேண்டுமா என்று மாமா கேட்டார். வேண்டும் என்றேன். பணிந்து என்ற சொல் எங்கும் வராமல் நான் எழுதிய முதல் விண்ணப்பம் அது.

கறி வாங்கிய கணக்கு என்று எழுதியிருக்கிறேனே, அதில் ஒரு ஓட்டை இருந்தது. கோழிக்குப் பில் இருக்கிறது. மாட்டுக்கறிக்கு இல்லை. புளியந்தோப்பில் தெரிந்த கடையில் வாங்கி, நோட்டில் எழுதி வைப்பதுதான் வழக்கம். நோட்டுப் பக்கத்தைத்தான் போட்டோ எடுத்து அனுப்பினோம். மறுநாளிலிருந்து மாமா ஒரு பில் கேட்டு வாங்குகிறார். கடைக்காரர் சலித்துக்கொண்டேதான் எழுதித் தருகிறார்.

திங்கள், செவ்வாய் பதில் இல்லை. உதவி எண்ணுக்குப் பேசினால் உங்கள் விளக்கம் பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே வாக்கியம். சனிக்கிழமை காலை பச்சை விளக்கு வந்தது. ஆறு நாள். ஆர்டர் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அது நாங்கள் சொன்னதுதான். மீதி வாரப் பணம் அடுத்த புதன்கிழமை விழுந்தது. தலைப்பை மட்டும் மாற்றவில்லை. கணக்கின் பழைய பக்கங்களில் இன்னும் "Food adulteration" என்றே இருக்கிறது. அடுத்து எவனாவது புகார் செய்தால் இது ரெண்டாவது கலப்படமாகிவிடும். அதற்காக மறுபடியும் எழுதியிருக்கிறேன். அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நேராக, முதல் விளக்கத்தின் நகலோடு. ஒரு மாதமாகிறது.

மூடிக்கு ஸ்டிக்கர் அடித்தோம். மஞ்சளில் கோழி, சிவப்பில் மாட்டுக்கறி. எழுத்து அரை அங்குலம், ஈரத்தில் அழியாத காகிதம். அரசாங்கம் அசைவத்துக்கு வைத்திருக்கிற பழுப்பு முக்கோணம் எங்களுக்கு உதவாது, ரெண்டும் அதில் ஒன்றுதான். ஸ்டிக்கர் வந்த அன்றைக்கு அக்கா ஒன்றை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தது. "இவ்ளோ பெருசாவா?" என்றது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஆர்டர். மாட்டுக்கறி பிரியாணி ரெண்டு. குறிப்பில் எழுதியிருந்தார்கள்: தயவுசெய்து வெளியே பெயர் எழுத வேண்டாம், வீட்டு ஓனர் பக்கத்தில் இருக்கிறார். அக்கா போனை என்னிடம் நீட்டி, இப்ப இன்னாடா பண்றது என்றது. டப்பாவில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னேன். பை எப்போதும் வெறும் காக்கிப் பைதான், அதில் பில் மட்டும் இருக்கும். பில்லில் இன்னும் 'பி.எஃப்.' என்றுதான் அச்சாகிறது. அதை மாற்றலாமா என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆர்டரைப் பார்த்த பிறகு எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை.